இன், ஆன், அட்: இடமும் காலமும் நோக்கப்படும் முறை

வினாவும் வழங்கிவரும் விடையும்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று, அப்பெயருக்கும் வாக்கியத்தின் ஏனைய பகுதிக்கும் உள்ள சம்பந்தத்தைக் காட்டும் சிறு சொற்களைப் பிரிபொசிஷன் என்று நம் பள்ளிகளில் சொல்லிவருகிறோம். நம்முடைய வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வந்து செய்யும் தொழிலை இவை பெயருக்கு முன்னே நின்று செய்வதால், முன்னிடைச்சொல் என்று இக்கட்டுரையில் அவற்றைக் குறிப்பேன். அவற்றுள்ளும் இடத்தையும் காலத்தையும் காட்டுவதில் மிகுதியாகப் பிரயோகமாவனவும், பல ஆண்டு ஆங்கிலம் பயின்றவர்களுக்கும் ஐயம் தீராதனவும் ஆகிய 'இன்', 'ஆன்', 'அட்' என்னும் மூன்றே இங்கு ஆராய்ச்சிக்கு உரியவை. ஒரு பெயருக்கு முன் இம்மூன்றில் எது வரவேண்டும் என்பதை நிர்ணயிப்பது எது? இதுவே வினா.

இதற்குப் பள்ளி இலக்கணங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, அளவு என்பதாகும். தேசங்களுக்கும் பெருநகரங்களுக்கும் 'இன்', சிற்றூர்களுக்கு 'அட்' என்ற விதியை நம் தேசத்தில் ஆங்கிலம் கற்ற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்திருப்பர். அதே கருத்தைக் காலத்துக்கும் விரித்து, ஒரு தலைகீழ் முக்கோணம் வரைந்து, அதன் அகன்ற மேற்பகுதியில் ஆண்டையும் மாதத்தையும் நகரத்தையும் வைத்து 'இன்' என்றும், நடுவில் நாளையும் தெருவையும் வைத்து 'ஆன்' என்றும், கீழே குவிந்த முனையில் மணியையும் கதவிலக்கத்தையும் வைத்து 'அட்' என்றும் எழுதிக் காட்டும் முறை இன்றைய பயிற்சி நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. பெரியதற்கு ஒன்று, நடுத்தரமானதற்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று என்னும் இவ்விதியின் எளிமையே அதன் செல்வாக்குக்குக் காரணம்.

ஆனால் இவ்விதி உதாரணங்களின் முன் நிற்பதில்லை. தீப்பெட்டி சிறு பொருள். ஆயினும் அதற்குள் இருக்கும் குச்சியை 'இன் தி மேட்ச்பாக்ஸ்' என்றே சொல்லவேண்டும். ஒரு விநாடி ஒரு நாளினும் மிகச் சிறியது. ஆயினும் 'இன் எ செகண்ட்' என்பதே வழக்கு. கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலம் பல நாள் நீடிப்பது, கிறிஸ்துமஸ் தினமோ ஒரே நாள்; அங்ஙனமிருக்க, பண்டிகைக் காலத்துக்கு 'அட் கிறிஸ்துமஸ்' என்றும் அத்தினத்துக்கு 'ஆன் கிறிஸ்துமஸ் டே' என்றும் ஆங்கிலேயர் சொல்வது முக்கோணத்தை அடியோடு கவிழ்த்துவிடுகிறது. இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்குவதற்கு இல்லை. விலக்குகளின் தொகை பெருகும்போது விதியையே மறுபரிசீலனை செய்வதுதான் நேர்மை.

இடம்: பொருளின் அளவும் நோக்குவோன் நிலையும்

மொழியியலார் முன்வைத்த விடை வேறு. 1985 இல் வெளிவந்த குவெர்க் முதலியோரின் பேரிலக்கண நூல், ஒரு பொருள் எத்தனை பரிமாணம் உடையதாகக் கருதப்படுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு இச்சொற்களைப் பகுக்கிறது. ஒரு பொருளை நீள அகலம் இல்லாத வெறும் புள்ளியாகக் கருதினால் 'அட்'. கோடாகவோ மேற்பரப்பாகவோ கருதி, அதனைத் தொட்டிருப்பதைச் சொன்னால் 'ஆன்'. எல்லை சூழ்ந்த வெளியாகக் கருதி, அதனுள் அடங்கியிருப்பதைச் சொன்னால் 'இன்'. இங்கே கவனிக்கத்தக்கது 'கருதினால்' என்னும் சொல். பொருள் உண்மையில் புள்ளியா பரப்பா என்பது பற்றி மொழிக்கு அக்கறை இல்லை. பேசுகிறவன் அந்தச் சந்தர்ப்பத்தில் அதனை எவ்வாறு நோக்குகிறான் என்பதே அதன் விஷயம்.

இதனை ஒரே பெயரை வைத்துச் சோதிப்பதே தக்க முறை. 'கார்னர்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அறையில் இரு சுவர்கள் கூடும் மூலையில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அம்மூலை நாற்காலியை இரு புறமும் சூழ்ந்திருத்தலால் 'இன் தி கார்னர்' என்கிறார்கள். இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் நண்பன் காத்து நிற்கிறான். அங்கே சூழ்ந்திருப்பது ஒன்றும் இல்லை, சந்திப்பு என்பது வழியில் அடையாளம் கண்டு நிற்கத்தக்க ஒரு புள்ளி, ஆகவே 'அட் தி கார்னர்'. அதே முனையில், இரு தெருக்களையும் ஒட்டியபடி ஒரு கடை இருக்கிறது. தெருவின் ஓரத்தைத் தொட்டு நிற்றல் அங்கு முதன்மை பெறுவதால் 'ஆன் தி கார்னர்'. மூன்றிலும் பெயர் ஒன்றே; அளவு மாறவில்லை. தெரு முனை அறை மூலையைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது என்பதையும் எண்ணினால், அளவு விதிப்படி வரவேண்டிய சொல் தலைமாறி வந்திருப்பதும் விளங்கும்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதுவே நியதி. கொழும்பில் குடியிருப்பவனுக்கு அந்நகரம் தன்னைச் சூழ்ந்த வெளி. அவன் 'இன் கொலம்போ' வாழ்கிறான். ஏடனிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கப்பலின் யாத்திரையை விவரிப்பவனுக்கோ கொழும்பு அந்நீண்ட பாதையின்மேல் அமைந்த ஒரு புள்ளி. கப்பல் 'அட் கொலம்போ' தங்கிச் செல்கிறது. நகரம் ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. நோக்குபவன் தொலைவுக்குச் சென்றுவிட்டான். சிற்றூருக்கு 'அட்' என்னும் பழைய விதியில் இருந்த உண்மையின் அளவும் இதனால் புலப்படுகிறது: சிற்றூர்களை நாம் பெரும்பாலும் தொலைவிலிருந்து ஒரு புள்ளியாகவே நினைக்கிறோம், அவ்வளவே. அச்சிற்றூரிலேயே பிறந்து வளர்ந்தவன் தன் ஊரைப் பற்றிப் பேசும்போது 'இன்' என்று சொன்னால் அது பிழையாகாது.

'அட்' என்பதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அது இருப்பை மட்டும் கூறுவதோடு நில்லாது, அவ்விடத்துக்கு உரிய காரியத்தில் ஈடுபட்டிருத்தலையும் உணர்த்துகிறது. பியானோ வாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பூச்சாடி இருந்தால் 'ஆன் தி பியானோ'. அதன் உட்புறத்தில் தூசி படிந்திருந்தால் 'இன் தி பியானோ'. ஒருவர் 'அட் தி பியானோ' இருக்கிறார் என்றாலோ, அவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது மட்டும் அன்று, வாசிக்க அமர்ந்திருக்கிறார் என்றே கேட்பவர் கொள்வர். மேஜையின் அருகே உணவுக்கு அமர்ந்தவர் 'அட் தி டேபிள்'. வேலையில் இருப்பவர் 'அட் வொர்க்'. யுத்தத்தில் இறங்கிய தேசம் 'அட் வார்'. வெறும் வடிவக் கணிதத்தைக் கொண்டு இப்பிரயோகங்களை விளக்க முற்பட்டால் தோல்வியே மிஞ்சும்.

ஆனட் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் அறிஞர் 1986 இல் ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பற்றி எழுதிய நூல் இந்தக் குறையை நேராக எடுத்து ஆராய்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இலட்சியப் பொருள் உண்டு என்றும், அன்றாட வழக்கில் அப்பொருள் பலவாறு நெகிழ்ந்தும் விலகியும் நிற்கிறது என்றும், அவ்விலகல்களும் ஓர் ஒழுங்கு உடையவை என்றும் அவர் காட்டினார். சாடிக்குள் இருக்கும் தண்ணீரும் 'இன்' தான், சாடியின் சுவரில் விழுந்த விரிசலும் 'இன்' தான். முன்னது சாடியின் வெற்றிடத்துள் அடங்கியது, பின்னது சாடி செய்யப்பட்ட மண்ணுள்ளேயே அடங்கியது. கிளைமேல் அமர்ந்த பறவையை 'இன் தி ட்ரீ' என்பதும் இவ்வகையே: கிளைகளும் இலைகளும் சேர்ந்து வகுக்கும் ஒரு வெளியை மரம் என்று கொண்டு, பறவையை அதனுள் வைக்கிறார்கள். மரத்தின் பகுதியாகவே ஒட்டியிருக்கும் இலையோ 'ஆன் தி ட்ரீ'. வடிவ விளக்கத்தை முற்றும் கைவிடாமல் அதன் எல்லையை ஒப்புக்கொண்ட இந்நிலையே, நான் கண்ட விளக்கங்களுள் உதாரணங்களோடு மிகவும் இணங்கிவருவது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். அடங்கியிருத்தல், தொட்டிருத்தல் என்னும் பாகுபாடு மனித அறிவுக்கே இயல்பானது என்றால், கற்பவனுக்கு அதில் வருத்தம் ஏன்? ரோஜர் பிரவுன் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசத் தொடங்கும் குழந்தைகள் மிக முன்னதாகக் கைக்கொள்ளும் இலக்கணக் கூறுகளுள் 'இன்', 'ஆன்' என்னும் இரண்டும் இடம்பெற்றது உண்மையே. ஆனால் 1991 இல் சோய், பௌவர்மன் என்னும் இருவர் கொரிய மொழிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, அம்மொழி வேறு கோடு கிழித்திருப்பது வெளிப்பட்டது. இறுக்கமாகப் பொருந்துவதா, தளர்வாக அமைவதா என்பதே அங்கு முதன்மையான வேற்றுமை. விரலில் மோதிரம் இடுவதும் உறையில் ஒலிநாடாவைச் செருகுவதும், ஆங்கிலத்தில் ஒன்று 'ஆன்', மற்றொன்று 'இன்' என்று பிரிந்திருக்க, கொரியத்தில் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. ஆகவே ஆங்கிலத்தின் பாகுபாடு உலகப் பொதுவானது அன்று. அம்மொழி தேர்ந்துகொண்ட ஒரு வழி. அவ்வழியைத் தேராத மொழியில் வளர்ந்தவன் அதனைப் புதிதாகவே கற்றாகவேண்டும்.

காலம்: ஒரு நள்ளிரவின் உதாரணம்

காலத்தை இடத்தின் சாயலிலே பேசுவது பல மொழிகளின் இயல்பு. நம்முடைய நன்னூலும், ஏழாம் வேற்றுமையின் பொருளை இடம் என்று வகுத்து, அவ்விடமாக நிற்பவற்றுள் காலத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. ஆங்கிலமும் தன் மூன்று சொற்களை அப்படியே காலத்துக்குக் கொண்டுசெல்கிறது. நிகழ்ச்சியைக் கடிகார முள் சுட்டும் ஒரு புள்ளியில் வைத்தால் 'அட்', நாள் என்னும் வரிசையின் ஒரு படியில் வைத்தால் 'ஆன்', நீண்ட ஒரு காலப்பரப்பின் உள்ளே வைத்தால் 'இன்'.

இந்திய அரசியல் நிர்ணய சபை அதிகாரத்தைப் பெற்றுக்கொண்ட இரவை உதாரணமாகக் கொள்வோம். அந்நிகழ்ச்சி 1947 இல் நடந்தது: 'இன் நைன்டீன் ஃபார்ட்டி செவன்'. ஆகஸ்டு மாதத்தில்: 'இன் ஆகஸ்ட்'. சபை கூடியது 14 ஆம் தேதி: 'ஆன் தி ஃபோர்டீன்த்'. கூடிய நேரம் இரவு 11 மணி: 'அட் இலெவன்'. கூடிய இடம் புது டில்லியில் உள்ள மண்டபம். உறுப்பினர் அதனுள் அமர்ந்திருந்தமையால் 'இன் தி ஹால்'. சுதந்திரம் பிறந்தது நள்ளிரவில்: 'அட் மிட்நைட்'. இதுவரை காலத்தைப் பொறுத்தமட்டில் முக்கோண விதியும் நோக்கு விதியும் ஒரே விடையைத் தருகின்றன. ஆனால் மாதத்தையும் தேதியையும் ஒன்றாய்ச் சொல்ல நேர்ந்தால் 'இன் ஆகஸ்ட்' மறைந்து, 'ஆன் தி ஃபோர்டீன்த் ஆஃப் ஆகஸ்ட்' என்று தேதிக்கு உரிய சொல்லே தலைமை ஏற்கிறது. இன்னும் நுட்பமானது 'இரவு' என்னும் சொல். பொதுவாக இரவு நேரத்தைச் சொன்னால் 'அட் நைட்'. அந்தக் குறிப்பிட்ட 14 ஆம் தேதி இரவைச் சொன்னாலோ 'ஆன் தி நைட் ஆஃப் தி ஃபோர்டீன்த்'. அவ்விரவின் இடையில் யாரோ விழித்துக்கொண்டார் என்றால் 'இன் தி நைட்'. காலை என்பதும் இப்படியே: பொதுவில் 'இன் தி மார்னிங்', ஆனால் 15 ஆம் தேதி வெள்ளிக்கிழமைக் காலை என்று நாளோடு கட்டிவிட்டால் 'ஆன் ஃப்ரைடே மார்னிங்'. இரவும் காலையும் நீளத்தில் மாறவில்லை. ஒரு நாளின் பெயர் வந்து சேர்ந்ததும், நாளுக்கு உரிய 'ஆன்' மற்றதை வென்றுவிடுகிறது. முக்கோண விதியால் இதைச் சொல்லவே இயலாது.

அவ்வாறானால் தமிழ் மாணாக்கருக்குக் காலப் பிரயோகத்தில் எங்கே இடறுகிறது? இதனை ஆராய்கையில் ஒரு செய்தி தெளிவாகப் புலப்படுகிறது. தமிழும் காலத்தை மூவகையாகவே பிரித்துச் சொல்கிறது. ஐந்து மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையன்று, ஜனவரியில்: மணிக்கு நான்காம் உருபு, நாளுக்கு 'அன்று' என்னும் சொல் அல்லது உருபே இல்லாத வெறும் பெயர், மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இல்'. ஆங்கிலத்தின் 'அட்', 'ஆன்', 'இன்' மூன்றும் இம்மூன்றன் மேலும் ஏறத்தாழ அப்படியே பொருந்துகின்றன. ஆகவே இப்பகுதியில் மாணவன் செய்யும் பிழைகள் குறைவு. பிழை மிகுவது தமிழ்ப் பிரிவும் ஆங்கிலப் பிரிவும் விலகும் இடங்களிலே: இரவில், நண்பகலில், நள்ளிரவில், காலையில் என நாம் எல்லாவற்றுக்கும் 'இல்' என்றே சொல்ல, ஆங்கிலம் முதல் மூன்றையும் 'அட்' என்றும் நான்காவதை 'இன்' என்றும் பிரித்துவைத்திருக்கிறது. 'இன் நூன்' என்றும் 'இன் மிட்நைட்' என்றும் எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு நேர்மாறான ஒரு பிழையும் உண்டு. அதன் பொறுப்பு தமிழ்மேல் இல்லை, பள்ளி விதியின்மேலே இருக்கிறது. அடுத்த மாதம், போன ஞாயிறு என்று நாம் உருபில்லாமலே சொல்லுகிறோம். ஆங்கிலமும் 'நெக்ஸ்ட் மன்த்', 'லாஸ்ட் சண்டே' என்று முன்னிடைச்சொல் இல்லாமலே சொல்லுகிறது. தாய்மொழியின் வழியே போயிருந்தால் மாணவன் சரியாகவே எழுதியிருப்பான். மாதத்துக்கு 'இன்', கிழமைக்கு 'ஆன்' என்று வற்புறுத்திக் கற்பித்த விதியே அவனை 'இன் நெக்ஸ்ட் மன்த்', 'ஆன் லாஸ்ட் சண்டே' என்று எழுதச் செய்கிறது.

விளக்கத்துக்கு அடங்காத எச்சம்

நோக்கு விதியை எவ்வளவு விரித்தாலும் அடங்காத பிரயோகங்கள் சில உண்டு என்பதை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. காரில் செல்பவன் 'இன் தி கார்'. பஸ்ஸிலும் ரயிலிலும் கப்பலிலும் செல்பவன் 'ஆன்'. நான்கும் மனிதனைச் சூழ்ந்தவையே. எழுந்து நடமாடத்தக்க தளம் உடைய வாகனங்களுக்கு 'ஆன்' என்பது ஒரு விளக்கம். வழி வகுத்து ஓடும் பொது வாகனத்தில் பிரயாணியாக இருத்தலையே 'ஆன்' குறிக்கிறது என்பது மற்றொன்று. ஓட்டம் நின்று வெளியே துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு பஸ்ஸினுள் சிறுவர்கள் விளையாடினால், அவர்களை 'ஆன் தி பஸ்' என்னாமல் 'இன் தி பஸ்' என்றே சொல்வர் என்னும் உதாரணம் இரண்டாம் விளக்கத்துக்கு வலிமை தருகிறது. எனினும் அதுவும் டாக்ஸி ஏன் 'ஆன்' ஆகவில்லை என்பதை முற்றிலும் தீர்ப்பதில்லை.

இவ்வெச்சத்தின் ஒரு பகுதிக்குச் சரித்திரமே காரணம். பழைய ஆங்கிலத்தின் மேற்குச் சாக்ஸன் வழக்கில் இன்றைய 'இன்', 'ஆன்' இரண்டின் தொழிலையும் பெரும்பாலும் 'ஆன்' ஒன்றே செய்துவந்தது. இங்கிலாந்து தேசத்தில் என்பதற்கும் அக்காலத்தவர் 'ஆன்' என்றே எழுதினர். இரண்டும் தெளிவாகத் தொழில் பிரித்துக்கொண்டது பிற்காலத்திலே. 'அஸ்லீப்', 'அலைவ்' என்னும் சொற்களின் தலையில் உள்ள அகரம் அந்தப் பழைய 'ஆன்' தேய்ந்து ஒட்டிக்கொண்டதன் சுவடு. கிழமைக்கு 'ஆன்' வருவதும் அப்பழைய வழக்கின் தொடர்ச்சியே. இத்தகைய இடங்களில், நாள் என்பது ஒரு பரப்பு, நிகழ்ச்சி அதன்மேல் அமர்கிறது என்று சொல்வது பிற்காலத்தவர் கற்பிக்கும் காரணமாகலாம். கற்பவனின் நினைவுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் உண்மையான காரணம் அதுவே என்று சாதிப்பது மிகை.

தேச பேதத்தால் வரும் வேறுபாடும் இவ்வெச்சத்தில் சேரும். வார இறுதியை ஆங்கிலேயர் 'அட் தி வீக்எண்ட்' என்பர், அமெரிக்கர் 'ஆன் தி வீக்எண்ட்' என்பர். பிரிட்டிஷ் பிரதமரின் வாசஸ்தலம் கதவிலக்கத்தோடு சொல்லப்பட்டால் எங்கும் 'அட் டென் டௌனிங் ஸ்ட்ரீட்' தான். இலக்கத்தை விட்டுத் தெருவை மட்டும் சொன்னால், இருபுறமும் வீடுகள் சூழ்ந்த வெளியாகத் தெருவைக் கருதும் லண்டன்வாசி 'இன்' என்கிறான், நீண்டு செல்லும் கோடாக அதனைக் கருதும் அமெரிக்கன் 'ஆன்' என்கிறான். இதில் ஒருவர் சரி, மற்றவர் பிழை என்று தீர்ப்புக் கூறுவதற்கு ஆதாரமில்லை. தேர்வுத் தாள்களில் இவற்றுக்கு ஒரே விடையை வற்புறுத்துவது நியாயமும் அன்று.

கற்பித்தலுக்கு இதனால் ஆவது

இடப் பிரயோகத்தில் தமிழனுக்கு வரும் இடர்ப்பாட்டின் மூலத்தை இப்போது சொல்லிவிடலாம். நன்னூல் இடப்பொருள் உருபுகளாக இருபத்தெட்டைத் தொகுத்துச் சொன்னாலும், இக்காலத் தமிழில் அவற்றுள் பெரும்பாலானவை அருகி, 'இல்' ஒன்றே பெருவழக்காகிவிட்டது. சுவரில் படம், சுவரில் விரிசல், சுவரில் ஆணி. ஸ்டேஷனில் நண்பன், ஸ்டேஷனில் கூட்டம். தொட்டிருத்தலா, அடங்கியிருத்தலா, புள்ளியில் நிற்றலா என்று தமிழன் வாக்கியம் அமைக்கும்போது எண்ணிப்பார்க்க அவசியமே நேர்வதில்லை. மேலே, உள்ளே என்று வற்புறுத்த வேண்டிய சமயத்தில் மட்டும் தனிச்சொல் சேர்த்துக்கொள்கிறான். ஆகவே ஆங்கிலத்துக்கு வந்ததும் 'இல்' என்பதற்கு நேரான ஒற்றைச் சொல்லைத் தேடி, பெரும்பாலும் 'இன்' என்பதையே எங்கும் இட்டுவிடுகிறான். அவன் எழுதிய பக்கத்தில் 'இன்' மிகுந்து 'அட்' அருகியிருப்பதைக் கண்டாலே, பிழையின் காரணம் இதுவென்று ஆசிரியர் அறிந்துகொள்ளலாம். நகரத்துக்கு வந்து சேர்ந்ததை 'அரைவ்ட் இன்' என்றும், ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததை 'அரைவ்ட் அட்' என்றும் பிரித்தெழுதத் தவறுவதும் இதே வகை. அதே பொருளுடைய 'ரீச்ட்' என்னும் வினை எந்த முன்னிடைச்சொல்லையும் ஏற்காது. அங்கே, சென்னையை அடைந்தான் என்னும் தமிழ் வாக்கியமே சரியான வழிகாட்டி.

பாடநூல் எழுதுவோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. காலப் பிரயோகத்தைக் கற்பிக்கும்போது மணிக்கு, அன்று, மாதத்தில் என்னும் தமிழ்ப் பிரிவிலிருந்தே தொடங்குங்கள். பிறகு இரவு, நண்பகல், நள்ளிரவு என்று வழி பிரியும் சிலவற்றை மட்டும் தனியே எடுத்துப் பயிற்றுங்கள். இடப் பிரயோகத்துக்கு, மூலை, பியானோ, ஸ்டேஷன் போன்ற ஒரே பெயரை மூன்று சொற்களோடும் அமைத்த வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றின் பொருள் வேற்றுமையை மாணவனைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பஸ், டாக்ஸி, வார இறுதி போல விளக்கத்துக்கு அடங்காதவற்றுக்குப் பொய்க் காரணம் கற்பியாமல், அவை வழக்கு என்று சொல்லி மனப்பாடத்துக்கு விட்டுவிடுங்கள்.